தட்டில் முளைக்காத காலரா

1883-இன் இறுதியில் கல்கத்தாவுக்கு வந்த ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் கோக், காலராவில் இறந்தவர்களின் குடலிலிருந்து காற்புள்ளிபோல் வளைந்த ஒரு கிருமியைப் பிரித்தெடுத்தார். நோய் பரவிய இடத்தில் மக்கள் புழங்கிய ஒரு குளத்தின் நீரிலும் அதே கிருமி இருந்தது. கிருமி தண்ணீரில் இருக்கிறது, தண்ணீர் வழியே ஆளுக்குள் போகிறது என்று கணக்கு நேராகிவிட்டதுபோல் தோன்றியது.

ஆனால் வங்காளத்தில் காலரா ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. வழக்கமாக மழைக்கு முன்பு ஒரு முறையும் மழை ஓய்ந்த பிறகு ஒரு முறையும் தலைதூக்கும். இடைப்பட்ட மாதங்களில் அதே குளத்தில், அதே ஆற்றில் தண்ணீர் மொண்டு ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தால் கிருமி பெரும்பாலும் அகப்படாது. அடுத்த பருவம் வந்ததும் பல ஊர்களில் ஏறத்தாழ ஒரே நேரத்தில் நோய் கிளம்பும். இடையில் அது எங்கே போயிருந்தது? நோய் வந்து தேறியவர்களின் குடலில் தங்கியிருக்கும் என்று நெடுங்காலம் நம்பினார்கள். ஆனால் காலராக் கிருமியை மாதக்கணக்கில் சுமப்பவர்கள் மிகவும் அரிது. கிருமி தண்ணீரிலேயேதான் இருந்தது. அதைத் தேடிய முறைக்குத்தான் அது தெரியவில்லை.

அந்த முறை இன்றும் ஏறக்குறைய எல்லாத் தண்ணீர் ஆய்வகங்களிலும் நடப்பதுதான். பிளேட் கவுண்ட் என்பார்கள். ஒரு மில்லி தண்ணீரை 9 மில்லி தூய கரைசலில் கலந்தால் பத்து மடங்கு நீர்த்துவிடும். அதிலிருந்து ஒரு மில்லி எடுத்து மறுபடி 9 மில்லியில் கலந்தால் நூறு மடங்கு. இப்படியே நான்கு படி இறங்கி, கடைசிக் குழாயிலிருந்து 0.1 மில்லியை அகர் ஊற்றிய தட்டில் பரப்பி, இன்குபேட்டரில் வைக்கிறார்கள். மறுநாள் தட்டில் புள்ளி புள்ளியாகக் காலனிகள் எழுந்திருக்கும். 62 காலனிகள் என்று வையுங்கள். 0.1 மில்லிக்கு 62 என்றால் ஒரு மில்லிக்கு 620. அதைப் பத்தாயிரத்தால் பெருக்கினால் முதல் தண்ணீரில் மில்லிக்கு 62 லட்சம் பாக்டீரியா. காலராவைத் தேடும்போது, பித்த உப்பும் சர்க்கரையும் சேர்த்த, காரத்தன்மை கூடிய தனி அகர் உண்டு. பித்த உப்பும் காரமும் மற்ற கிருமிகளை அடக்கிவைக்கும். காலராக் கிருமி சர்க்கரையைப் புளிக்கவைத்து மஞ்சள் நிறக் காலனியாக எழும்.

முறை எளிது, மலிவு, நம்பகமானது. ஆனால் ஒரு காலனி கண்ணுக்குத் தெரிய அதில் ஒரு கோடி செல்களுக்கு மேல் சேர வேண்டும். ஒற்றைச் செல் ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, ஏறத்தாழ 24 முறை இடைவிடாமல் பிரிந்தால்தான் அந்த எண்ணிக்கை வரும். ஆகவே தட்டு கேட்பது ‘உனக்கு உயிர் இருக்கிறதா’ என்ற கேள்வியை அல்ல. ‘இந்த உணவில், இந்த வெப்பத்தில், நாளைக் காலைக்குள் 24 முறை பிரிவாயா’ என்ற கேள்வியை. வருகைப் பதிவில் பெயர் கூப்பிட்டதும் குரல் கொடுத்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு, வகுப்பில் மற்றவர்களே இல்லை என்று எழுதுவதற்கு இது சமம்.

இந்தச் சந்தேகத்தைச் சோதனையில் நிறுவியவர்கள் அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த ரீட்டா கோல்வெல் குழுவினர். காலரா நோயே இல்லாத செசபீக் விரிகுடாவின் நீரில் காலராக் கிருமி இயல்பாக வாழ்வதை 1970-களிலேயே கோல்வெல் கண்டிருந்தார். கடலும் ஆறும் கலக்கும் உவர்நீர்தான் அதன் சொந்த வீடு, மனிதக் குடல் இடையில் வந்து தங்கும் இடம் என்பது அவருடைய வாதம். அந்த விரிகுடாவிலும் குளிர் மாதங்களில் கிருமி தட்டில் வராமல் போய்விடும். 1982-இல், சீனாவிலிருந்து வந்திருந்த சூ ஹுவாய்-ஷு முதல் ஆசிரியராக இருந்து எழுதிய ஆய்வுக் கட்டுரையில் அவர்கள் சொன்னது இது: காலராக் கிருமியையும் ஈ. கோலையையும் உணவில்லாத உப்புநீரில் குளிர்ச்சியாக வைத்தால், தட்டில் எழும் காலனிகள் குறைந்துகொண்டே வந்து அற்றுப்போகின்றன. ஆனால் நுண்ணோக்கியில் நேரடியாக எண்ணினால் செல்களின் எண்ணிக்கை கிட்டத்தட்ட குறையவே இல்லை. அவற்றில் பெரும்பகுதி உயிரோடும் இருக்கிறது.

கடைசி வாக்கியம்தான் முக்கியமானது. நுண்ணோக்கியில் தெரிவது பிணமாகவும் இருக்கலாம் அல்லவா? உயிரைக் காட்ட அவர்கள் பயன்படுத்தியது, ஜப்பானைச் சேர்ந்த கசுஹிரோ கோகுரேயும் உடன் பணியாற்றியவர்களும் 1979-இல் வெளியிட்ட ஒரு முறை. அதன் நுட்பம் அழகானது.

தண்ணீர் மாதிரியில் மிகச் சிறிதளவு ஈஸ்ட் சாறு சேர்க்கிறார்கள். அது உணவு. கூடவே நாலிடிக்சிக் அமிலம் என்ற நுண்ணுயிர்க்கொல்லியையும் சிறிதளவு சேர்க்கிறார்கள். இந்த மருந்து டி.என்.ஏ. படியெடுக்கப்படுவதைத் தடுக்கும். டி.என்.ஏ. இரட்டிக்காமல் செல் இரண்டாகப் பிரிய முடியாது. ஆனால் உண்ணவும், புரதம் செய்யவும், பருக்கவும் தடையில்லை. 20 டிகிரி வெப்பத்தில் ஆறு மணி நேரம் விட்டால், உயிருள்ள செல் உணவை எடுத்துக்கொண்டு பிரிய வழியில்லாமல் நீண்டுகொண்டே போகும். பிறகு ஃபார்மலின் விட்டு அப்படியே நிறுத்தி, அக்ரிடின் ஆரஞ்சு சாயம் ஏற்றி, மிக நுண்ணிய துளைகள் கொண்ட கறுப்பு வடிதாளில் வடிகட்டி, ஒளிரும் நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். கறுப்புப் பின்னணியில் சின்னச் சின்ன உருண்டைகளாகக் கிடப்பவை எதுவும் செய்யாதவை. அவற்றின் நடுவே நூல்போல் நீண்டும் தடித்தும் கிடப்பவை ஆறு மணி நேரமாக உண்டவை. செத்தது உண்ணாது. நீண்டவற்றை எண்ணினால் உயிருள்ளவற்றின் எண்ணிக்கை. பிரிவதை நிறுத்திவிட்டு உயிரை எண்ணிய முதல் நேரடி வழிகளில் இது ஒன்று. தட்டு எதை மட்டும் நம்பியிருந்ததோ அதையே இந்த முறை விலக்கிவைத்தது. இதற்கும் எல்லை உண்டு: நாலிடிக்சிக் அமிலத்துக்கு மசியாத கிருமிகளிடம் இது செல்லாது. தரப்பட்ட உணவை ஏற்காத செல்லும் உருண்டையாகவே கிடந்து, செத்ததாகக் கணக்கில் சேர்ந்துவிடும்.

உயிரோடு இருந்தும் வழக்கமான தட்டில் வளராத இந்த நிலையைப் பற்றி ஒரு தெளிவு தேவை. கடலிலும் மண்ணிலும் உள்ள பாக்டீரியாக்களில் மிகப் பெரும்பாலானவற்றை எப்படி வளர்ப்பது என்றே நமக்குத் தெரியாது. அது வேறு கதை. இங்கே பேசுவது, நேற்றுவரை எந்தத் தட்டில் தாராளமாக வளர்ந்ததோ அதே தட்டில் இன்று வளர மறுக்கும் கிருமியைப் பற்றி. காலராக் கிருமி இந்த நிலைக்குப் போகும்போது வளைந்த வடிவம் மாறிச் சிறு உருண்டையாகச் சுருங்குகிறது. மேலுறை கிழியாமல் இருக்கிறது. மெல்ல மூச்சு விடுகிறது. சில மரபணுக்கள் தொடர்ந்து வேலை செய்கின்றன. குளிரும் பட்டினியும் சேரும்போது இந்தக் கிருமி ஒடுங்குகிறது.

ஒடுங்கிய செல் பிரியாமல் இருப்பது ஒரு பக்கம். தட்டே அதைக் கொன்றுவிடுவதும் உண்டு. உயிர்வளியை எரித்து வாழும் எந்தச் செல்லிலும் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும். அதைச் சிதைக்கக் கேட்டலேஸ் என்ற நொதி இருக்கிறது. குளிரிலும் பட்டினியிலும் கிடந்த செல்லில் அந்த நொதியின் வேலை குறைந்துபோயிருக்கும். அதைத் திடீரென்று ஊட்டம் மிகுந்த அகரில் 37 டிகிரியில் வைத்தால், இயக்கம் ஒரேயடியாக எகிறி, பெராக்சைடு பெருகி, அதைச் சமாளிக்க வழியில்லாமல் செல் சாகும். போதாததற்கு, அகரையும் பாஸ்பேட் உப்பையும் ஒன்றாகக் கலந்து ஆட்டோகிளேவில் வேகவைத்தால் அந்த உணவிலேயே பெராக்சைடு உருவாகிறது. இரண்டையும் தனித்தனியாக வேகவைத்துப் பிறகு கலந்தால் பல மாதிரிகளில் காலனிகள் கூடுதலாக எழுகின்றன. பெராக்சைடை உறிஞ்சும் சோடியம் பைருவேட்டையோ கேட்டலேஸையோ அகரில் சேர்த்தாலும் இதே பலன். சிப்பி உணவு வழியே மனிதனைக் கொல்லும், காலராக் கிருமியின் உறவான விப்ரியோ வல்னிஃபிகஸில் இது நன்றாகக் காட்டப்பட்டிருக்கிறது. காலரா அகரில் சேர்க்கும் பித்த உப்பும் இப்படித்தான். நலமான கிருமி அதைத் தாங்கும், நலிந்தது தாங்காது. நோயாளியின் மலத்தில் துல்லியமாகக் கிருமியைக் காட்டும் அதே தட்டு, குளத்து நீரில் கைவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கோல்வெல் குழு வங்கதேசத்துக்குப் போனது. டாக்காவில் உள்ள வயிற்றுப்போக்கு நோய் ஆய்வு மையத்துடன் சேர்ந்து அன்வர் ஹக் உள்ளிட்டோர் குளங்களிலும் ஆறுகளிலும் மாதந்தோறும் நீரும் மிதவை உயிரிகளும் சேகரித்தார்கள். காலராக் கிருமியின் ஓ1 வகை மேலுறையில் மட்டுமே ஒட்டும் எதிர்ப்புரதத்தில் ஒளிரும் சாயம் பிணைத்து, மாதிரியில் விட்டு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்ட மிதவை மாதிரிகளில் கிருமி பச்சையாக ஒளிர்ந்தது. அதே மாதிரிகளைத் தட்டில் வளர்த்தபோது நூற்றுக்கு ஒன்றில்கூடக் கிருமி எழவில்லை. தண்ணீரில் துள்ளித் திரியும், கண்ணுக்கு மணல் பருக்கைபோல் தெரியும் கோப்பிபாட் என்ற சிறு ஓட்டுயிரிகளின் வாயோரத்திலும் முட்டைப்பையிலும் அவை ஒட்டிக்கொண்டிருந்தன. பின்னாளில் மட்பாரியாவில் நடந்த ஆய்வில், காலரா இல்லாத மாதங்களில் அவை வழுவழுப்பான படலங்களுக்குள் கூட்டமாகப் பதுங்கியிருப்பதும் தெரிந்தது.

ஒளிரும் எதிர்ப்புரதம் மட்டும் போதாது. உயிர் போன பிறகும் மேலுறை சில காலம் இருக்கும், அதிலும் சாயம் ஒட்டும். அதனால் கோகுரே முறையோடு இதைச் சேர்த்தார்கள். முதலில் ஈஸ்ட் சாறும் நாலிடிக்சிக் அமிலமும் கொடுத்து நீளவிட்டு, பிறகு எதிர்ப்புரதம் போட்டார்கள். ஒளிர்ந்து, நீண்டும் இருந்தால் அது காலராக் கிருமி, அதுவும் உயிருள்ளது.

அடுத்த கேள்வி, தூங்குவது மறுபடி எழுமா? எழாது என்றால் பயப்படத் தேவையில்லை. இதைப் பற்றி அறிவியலாளர்கள் கடுமையாகவே மோதிக்கொண்டார்கள், அந்தச் சண்டையைத் தெரிந்துகொள்வது நல்லது. தட்டில் வராத கிருமியுள்ள குடுவையை வெதுவெதுப்பாக்கினால் மறுநாள் தட்டு நிறையக் காலனிகள் வருகின்றன, ஆகவே விழித்துக்கொண்டன என்றது ஒரு தரப்பு. கிரெகரி போகோசியன் போன்றவர்கள் கேட்டார்கள்: குடுவையில் ஓரிரு சாதாரணச் செல்கள் உங்கள் கண்ணுக்குத் தப்பி இருந்திருந்தால்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 மில்லி குடுவையில், மில்லிக்கு 10 லட்சம் ஒடுங்கிய செல்கள். அவற்றோடு 10 மில்லிக்கு ஒன்று வீதம் சாதாரணச் செல்லும் இருக்கிறது. ஒரு மில்லியைத் தட்டில் பரப்பினால் பெரும்பாலும் பூஜ்யம்தான் வரும். ஆனால் குடுவையில் பத்துச் செல்கள் நலமாக இருக்கின்றன. மணிக்கு ஒரு முறை பிரிந்தால், செத்தவற்றிலிருந்து கசியும் சத்தை உண்டே ஒரே நாளில் அந்தப் பத்தும் மில்லிக்கு 10 லட்சத்தை எட்டிவிடும். விழித்ததற்கும் மீண்டும் பெருகியதற்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே இல்லை.

பிரித்தறிய ஒரு வழி உண்டு. குடுவை நீரை ஆயிரம் மடங்கு நீர்த்து, 20 குழாய்களில் ஒரு மில்லி வீதம் ஊற்றுங்கள். ஒவ்வொரு குழாயிலும் ஒடுங்கிய செல்கள் ஆயிரம் இருக்கும். சாதாரணச் செல்லோ, பத்தாயிரம் குழாய்க்கு ஒன்றுதான் கிடைக்கும். வெதுவெதுப்பாக்கிய பிறகு 20 குழாயிலும் வளர்ச்சி தெரிந்தால், ஒடுங்கியவையே எழுந்தன என்று சொல்லலாம். ஒன்றிலும் இல்லையென்றால், முன்பு கண்டது மிஞ்சியவற்றின் பெருக்கம். இப்படிச் சோதித்தபோது சில ஆய்வுகள் விழிப்பை ஆதரித்தன. வேறு சிலவற்றில், விழித்தவை எனப்பட்டவை பெராக்சைடால் நலிந்திருந்த சாதாரணச் செல்களே என்று தெரிந்தது. இரு தரப்பிலும் உண்மை இருக்கிறது என்பதே என் கணிப்பு. ஒடுங்கிய கூட்டம் ஒன்றில் நலிந்தவை, தூங்குபவை, செத்தவை எல்லாம் கலந்தே கிடக்கின்றன.

காலராவைப் பொறுத்தவரை வலுவான சான்று வேறிடத்தில் இருந்து வந்தது. தட்டில் வளராத நிலையில் இருந்த கிருமியைத் தன்னார்வலர்கள் குடித்தார்கள். அவர்களுடைய மலத்திலிருந்து தட்டில் வளரும் கிருமி கிடைத்தது. 1996-இல் இது வெளியானது. மிஞ்சியவற்றின் பெருக்கம் என்ற சந்தேகம் இங்கும் முழுக்க நீங்காது என்றாலும், பாதுகாப்பு என்ற கோணத்தில் பார்த்தால் பதில் ஒன்றுதான். தட்டில் பூஜ்யம் காட்டிய நீரைக் குடித்தவரின் குடலில் கிருமி வளர்ந்தது.

இன்று கண்டறியும் கருவிகள் கூடியிருக்கின்றன. இரண்டு சாயங்களை ஒன்றாகக் கொடுத்து மேலுறையைச் சோதிக்கலாம். பச்சைச் சாயம் எல்லாச் செல்லிலும் புகும், சிவப்புச் சாயம் உறை கிழிந்த செல்லில் மட்டும் புகும். ஆக, பச்சை உயிர், சிவப்பு சாவு. மூச்சு விடும் செல்லில் மட்டும் சிவந்து ஒளிரும் வேதிப்பொருளும் உண்டு. பி.சி.ஆர். முறைக்குச் செல் வளரவே வேண்டாம், டி.என்.ஏ. இருந்தால் போதும். ஆனால் அதுவே அதன் குறை. குளோரினில் செத்த கிருமியின் டி.என்.ஏ.வையும் அது எண்ணிவிடும். இதற்கு 2006-இல் ஆண்ட்ரியாஸ் நோக்கர் குழு ஒரு வழி சொன்னது. புரோப்பிடியம் மோனோஅசைடு என்ற சாயத்தை மாதிரியில் சேர்த்துச் சில நிமிடம் இருட்டில் வைக்க வேண்டும். அது உறை கிழிந்த செல்களுக்குள் மட்டும் புகுந்து டி.என்.ஏ.வைப் பற்றும். பிறகு வலுவான வெளிச்சம் காட்டினால் சாயம் டி.என்.ஏ.வோடு நிரந்தரமாகப் பிணைந்துவிடும். பிணைந்த டி.என்.ஏ. பி.சி.ஆரில் பெருகாது. கணக்கில் வருவது உறை முழுதாக உள்ளவை மட்டுமே.

இதிலும் ஏமாற இடமுண்டு. வீட்டுக் குடிநீர்க் கருவிகளில் இருக்கும் புறஊதா விளக்கு, கிருமியின் டி.என்.ஏ.வைச் சிதைத்துக் கொல்கிறது. உறையைக் கிழிப்பதில்லை. அந்தத் தண்ணீரை இந்தச் சாயத்தால் சோதித்தால் செத்தவை எல்லாம் உயிருள்ளவையாகக் கணக்கில் வரும். தட்டு உயிருள்ளதை விட்டுவிடுகிறது, உறைச் சோதனை செத்ததைச் சேர்த்துக்கொள்கிறது. ஆகவே தேர்ந்த ஆய்வாளர்கள் ஒரு எண்ணை மட்டும் நம்புவதில்லை. தட்டு எண்ணிக்கை, உறை முழுதாக உள்ளவை, மூச்சு விடுபவை அல்லது நீளுபவை என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். தட்டில் பூஜ்யமும் மற்ற இரண்டில் லட்சமும் வந்தால்தான் ஒடுங்கிய கிருமி என்று எழுதுவார்கள்.

கிருமி கோப்பிபாட்டில் தொற்றிக்கொண்டு வருகிறது என்ற கண்டுபிடிப்பு வங்கதேசக் கிராமங்களில் நேரடியாகப் பயன்பட்டது. மட்லாப் பகுதியின் 65 கிராமங்களில், பழைய பருத்திச் சேலையை நான்கு மடிப்புக்குக் குறையாமல் மடித்துக் குடத்தின் வாயில் கட்டித் தண்ணீர் மொள்ளச் சொல்லிக்கொடுத்தார்கள். துவைத்துத் துவைத்து நூல் பிரிந்த பழந்துணியின் துளை, மடிப்பில் சுமார் 20 மைக்ரான் ஆகிவிடுகிறது. தனியாக மிதக்கும் பாக்டீரியாவை அது பிடிக்காது, மிதவை உயிரியைப் பிடித்துவிடும். வடிகட்டிய பின் துணியை அலசி வெயிலில் உலர்த்த வேண்டும். 2003-இல் வெளியான முடிவின்படி, சேலையில் வடிகட்டிய குடும்பங்களிடையே காலரா 48 சதவீதம் குறைந்தது. வடிகட்டலை எளிய துணிக்கே விட்டதும், அதைப் பெண்கள் கையில் கொடுத்ததும் இந்தத் துறையிலேயே என் மனதுக்கு மிக நெருக்கமான செயல்கள்.

நம் ஊரில் தண்ணீர் பரிசோதனை அறிக்கையில் ‘கண்டறியப்படவில்லை’ என்று வந்தால், அது தட்டிலோ குழாயிலோ வளரவில்லை என்றுதான் பொருள். மலக் கலப்பு அண்மையில் நேர்ந்ததா என்று அறிய அந்தச் சோதனை இன்றும் நல்ல சோதனைதான், அதைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. ஆனால் அறிக்கை நன்றாக இருக்கிறது என்பதற்காகக் கொதிக்கவைப்பதை நிறுத்திவிடாதீர்கள். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்த தண்ணீரில் வளரும் காலராக் கிருமியும் சாகும், ஒடுங்கிக் கிடப்பதும் சாகும்.